கொசுவும் கிருமியும் மாறும்போது: வடக்கு உகாண்டா காட்டும் மலேரியாக் கணக்கு

உகாண்டாவின் வடக்கே, குவானியா ஏரியை ஒட்டிக் கிடக்கிறது அபாச் மாவட்டம். 2001–02இல் அங்கே ஆய்வாளர்கள் ஒரு கணக்கெடுத்தார்கள். மலேரியாக் கிருமியைச் சுமந்த கொசு ஓர் ஆளை ஆண்டுக்கு எத்தனை முறை கடிக்கிறது என்பதே கேள்வி. கிடைத்த விடை 1,586. ஓர் இரவுக்கு நான்கு கடிக்கும் மேல். உலகில் எங்கும் பதிவான மிக உயர்ந்த அளவுகளில் இதுவும் ஒன்று.

அதற்குப் பின் வந்த இருபது ஆண்டுகளில் அந்த வட்டாரத்துக்கு மருந்து தோய்ந்த கொசுவலை வந்தது, வீட்டுச் சுவரில் மருந்தடித்தார்கள், கிராமச் சுகாதாரத் தொண்டர் கையில் துரிதப் பரிசோதனை அட்டை வந்தது, ஆர்ட்டிமிசினின் கலந்த கூட்டு மாத்திரையும் வந்தது. நோய் பெரிதாகச் சரிந்ததும், சரிந்த வேகத்திலேயே திரும்பி வந்ததும், கடைசியில் மருந்துக்கு மசியாத கிருமி தலைகாட்டியதும் அதே மண்ணில்தான். நான்கு கருவிகளும் எப்படி வேலை செய்கின்றன, எங்கே தோற்கின்றன என்று பார்க்க வடக்கு உகாண்டாவைவிடப் பொருத்தமான இடம் அரிது.

இந்தக் கட்டுரையின் வாதம் எளியது. நான்கு கருவிகளும் கொசுவின் அல்லது கிருமியின் ஒரு குறிப்பிட்ட பழக்கத்தை நம்பி நிற்கின்றன. வலை, கொசு நள்ளிரவில் வீட்டுக்குள் கடிப்பதை நம்புகிறது. சுவர்மருந்து, கடித்த கொசு சுவரில் உட்காருவதை நம்புகிறது. பரிசோதனை அட்டை, கிருமி ஒரு குறிப்பிட்ட புரதத்தைச் சுரப்பதை நம்புகிறது. மாத்திரை, கிருமி மூன்று நாளில் பெருமளவு அழிவதை நம்புகிறது. கருவியைப் பெருமளவில் பயன்படுத்தப் பயன்படுத்த, அந்தப் பழக்கம் இல்லாத கொசுவும் கிருமியும்தான் தப்பிப் பெருகுகின்றன. ஆகவே எத்தனை வலை கொடுத்தோம், எத்தனை வீட்டில் மருந்தடித்தோம் என்ற எண்ணிக்கை பாதி விடைதான். நாம் நம்பியிருக்கும் பழக்கம் இன்னும் நீடிக்கிறதா என்பது மீதிப் பாதி.

கொசுவின் வயது

மலேரியாவைப் பரப்புவது பெண் அனாபிலிஸ் கொசு. நோயாளியின் இரத்தத்தோடு கிருமியை உறிஞ்சிய அன்றே அதனால் நோயைக் கொடுக்க முடியாது. கிருமி கொசுவின் வயிற்றில் வளர்ந்து, பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர வெப்பத்தைப் பொறுத்துப் பத்து நாளோ அதற்கும் மேலோ ஆகும். அதுவரை உயிரோடிருக்கும் கிழட்டுக் கொசுதான் ஆபத்தானது.

இதிலிருந்து ஒரு கணக்கு பிறக்கிறது. நாள்தோறும் நூற்றுக்குப் பத்துக் கொசு சாகும் ஊரில், பத்து நாள் முடிவில் 35 கொசு மிஞ்சும். அந்தச் சாவை நாளுக்கு இருபதாக்கினால் மிஞ்சுவது 11தான். தினசரிச் சாவு இரண்டு மடங்கானால் ஆபத்தான கொசு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. ஊரிலுள்ள கொசுவையெல்லாம் ஒழிக்க வேண்டியதில்லை. அதன் ஆயுளைச் சில நாள் குறைத்தாலே போதும். வலையும் சுவர்மருந்தும் இந்த ஒரே கணக்கின் மேல்தான் எழுந்தவை.

வலை

மருந்து தோய்ந்த வலைக்கு இரண்டு வேலை. உள்ளே படுத்திருப்பவரைக் கடிக்கவிடாமல் தடுப்பது ஒன்று. வலைமேல் வந்து மோதும் கொசுவைக் கொல்வது மற்றொன்று. ஊரில் பெரும்பாலோர் வலைக்குள் படுத்தால், வலையில்லாத வீட்டுக்காரருக்கும் ஓரளவு காப்பு கிடைப்பது இந்த இரண்டாவது வேலையால்தான்.

2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் தடுக்கப்பட்ட மலேரியா நோய்கள் சுமார் 66 கோடி என்றும், அதில் 68 விழுக்காடு வலையால் என்றும் 2015இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. கூட்டு மருந்தின் பங்கு 22, சுவர்மருந்தின் பங்கு 10 விழுக்காடு. சுவர்மருந்து குறைவான இடங்களில் அடிக்கப்பட்டதால் அதன் பங்கு சிறிது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நெடுங்காலம் வலைகளில் தோய்க்கப்பட்டது பைரித்திராய்டு என்ற ஒரே மருந்துக் குடும்பம். மனிதருக்குத் தீங்கு குறைவு, கொசுவுக்கு உடனடி நஞ்சு. அதனால் வேறு எதையும் தேடவில்லை. அதே குடும்பம் வயலிலும் பூச்சிக்கொல்லியாகத் தெளிக்கப்பட்டது. ஒரே நஞ்சை எங்கும் எப்போதும் சந்தித்த கொசு இரண்டு வழியில் தப்பித்தது. நஞ்சு போய்ப் பிடிக்கும் நரம்பின் இடத்தையே மாற்றிக்கொண்டது சில கொசு. நஞ்சு உள்ளே போனதும் அதைச் சிதைக்கும் நொதிகளை அதிகமாகச் சுரந்தது வேறு சில. இந்த இரண்டாவது வகைதான் களத்தில் அதிகத் தொல்லை தருவது.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனை எளிமையானது. குறிப்பிட்ட அளவு மருந்து பூசிய தாளைச் சுருட்டி வைத்த குழாய்க்குள் கொசுக்களை ஒரு மணி நேரம் விட்டு, பிறகு மருந்தில்லாத குழாய்க்கு மாற்றி, 24 மணி நேரம் கழித்து எண்ணுவார்கள். நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் கீழே செத்திருந்தால் எதிர்ப்பு உறுதி. உகாண்டா உட்பட ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் இந்தச் சோதனையில் பைரித்திராய்டு தோற்றுக்கொண்டே வருகிறது.

மருந்து தோற்றாலும் வலை தடுப்பாக நிற்கும் என்பது உண்மை. ஆனால் வலை கிழியாமல் இருக்கும்வரைதான். மூன்றாண்டுக்கு ஒருமுறை வலை வழங்குவது என்பதே திட்டங்களின் பொதுக் கணக்கு. கட்டில் இல்லாத குடிசையில், தரைப்பாயின் மேல் தினமும் கட்டி அவிழ்க்கும் வலை பெரும்பாலும் அதற்குள் ஓட்டையாகிவிடுகிறது. நல்ல மருந்துள்ள ஓட்டை வலையில் நுழையும் கொசு செத்துப்போகும்; எதிர்ப்புள்ள கொசுவோ ஓட்டையைத் தேடிக்கொண்டு உயிரோடு உள்ளே போகும். மருந்து தோற்றபின்தான் ஓட்டையின் விலை தெரிகிறது.

இதற்கு வந்த முதல் பதில் பிபிஓ என்ற துணைப்பொருளைச் சேர்த்த வலை. அது தானாகக் கொசுவைக் கொல்லாது. நஞ்சைச் சிதைக்கும் நொதியை முடக்கி, பழைய மருந்துக்கு மீண்டும் வழிவிடும். 2017–18இல் உகாண்டா தன் தேசிய வலை வழங்கலையே ஓர் ஆய்வாக அமைத்தது. சில வட்டாரங்களுக்குச் சாதா வலை, சிலவற்றுக்குப் பிபிஓ வலை என்று குலுக்கிப் பிரித்துக் கொடுத்துப் பார்த்ததில், பிபிஓ வலை கிடைத்த இடங்களில் குழந்தைகளிடம் கிருமி குறைவாக இருந்தது.

இரண்டாவது பதில் இன்னும் நுட்பமானது. குளோர்பெனபிர் என்ற மருந்து வலையில் இருக்கும்போது நஞ்சே அல்ல. கொசுவின் உடலுக்குள் போனபின், அதன் நொதிகள் அதைச் சிதைக்கும்போதுதான் நஞ்சாக மாறுகிறது. பைரித்திராய்டை முறியடிக்கக் கொசு வளர்த்துக்கொண்ட அதே நொதிகள் இங்கே அதற்கே வினையாகின்றன. தான்சானியாவின் மிசுங்வி மாவட்டத்தில் நடந்த ஆய்வில், வலை கொடுத்து இரண்டாண்டு கழித்துச் சாதா வலைப் பகுதிக் குழந்தைகளில் 45.8 விழுக்காட்டினருக்கும், குளோர்பெனபிர் சேர்ந்த வலைப் பகுதியில் 25.6 விழுக்காட்டினருக்கும் கிருமி இருந்தது. 2023இல் உலகச் சுகாதார நிறுவனம் எதிர்ப்புள்ள இடங்களுக்கு இந்த வலையைப் பரிந்துரைத்தது. இதையும் எங்கும் எப்போதும் தனியாகப் பயன்படுத்தினால் பைரித்திராய்டுக்கு நேர்ந்ததே இதற்கும் நேரும்.

சுவர்

வயிறு நிறைய இரத்தம் குடித்த கொசுவால் தொலைவு பறக்க முடியாது. பக்கத்துச் சுவரில் உட்கார்ந்து, இரத்தத்திலுள்ள நீரை வெளியேற்றி உடம்பைக் குறைத்துக்கொள்ளும். சுவரில் மருந்து இருந்தால் அங்கேயே அதன் ஆயுள் முடியும். முதல் கடியை இது தடுப்பதில்லை. அடுத்த கடியைத் தடுக்கிறது.

மருந்தடிப்பது பார்வைக்கு எளிய வேலை, செய்ய நுணுக்கமானது. வீட்டுச் சாமான், தானியம், தண்ணீர்க் குடம் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைக்க வேண்டும். தெளிப்பவர் முதுகில் கைப்பம்பைத் தொங்கவிட்டு, குழல்முனையைச் சுவரிலிருந்து 45 செண்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, 75 செண்டிமீட்டர் அகலப் பட்டைகளாக, ஒன்றின் விளிம்பு மற்றொன்றைச் சற்றே தொடும்படி மேலும் கீழுமாக ஒரே வேகத்தில் அடித்துக்கொண்டு போக வேண்டும். முனை நெருங்கினால் மருந்து வழியும். விலகினால் காற்றில் போகும். வேகம் கூடினால் அளவு குறையும். ஊரில் ஐந்தில் நான்கு வீடாவது இப்படி முடிந்தால்தான் ஊருக்கே பலன்.

அடித்த மருந்து எத்தனை மாதம் நிற்கிறது என்பதைச் சுவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒளிபுகும் பிளாஸ்டிக் கூம்பொன்றைச் சுவரில் கவிழ்த்து ஒட்டி, அதற்குள் பத்துக் கொசுவை அரைமணி நேரம் விட்டு, மறுநாள் எத்தனை செத்தன என்று பார்ப்பார்கள். நூற்றுக்கு எண்பதுக்குக் கீழே வந்தால் அந்தச் சுவரில் மருந்து தீர்ந்துவிட்டது என்று பொருள். சிமெண்டு, மரம், மண் என்று சுவருக்குச் சுவர் விடை மாறும். மண்சுவர் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். அடித்தபின் சாணியோ மண்ணோ பூசி மெழுகினால் மருந்து அடியில் புதைந்துபோகும்.

வடக்கு உகாண்டாவில் பத்து மாவட்டங்களில் 2009 வாக்கில் தொடங்கிய சுவர்மருந்து, பைரித்திராய்டுக்கு எதிர்ப்பு தெரிந்ததும் பெண்டியோகார்ப் என்ற வேறு குடும்ப மருந்துக்கு மாறியது. நோய் வெகுவாகக் குறைந்தது. 2014இல் பணம் நாட்டின் வேறு மாவட்டங்களுக்கு மாற்றப்பட்டு, இந்தப் பத்தில் தெளிப்பு நின்றது. அதற்குச் சற்று முன்புதான் நாடு முழுக்க வலை வழங்கியிருந்தார்கள்; வலை இடத்தை நிரப்பும் என்று எண்ணினார்கள்.

நிரப்பவில்லை. கடைசிச் சுற்று மருந்து சுவரில் தீர்ந்த சில மாதத்தில் நோய் ஏறத் தொடங்கி, ஏறத்தாழ ஐந்து மடங்காகித் தெளிப்புக்கு முந்தைய நிலைக்கே போய்ச் சேர்ந்தது. காரணம் வெளிப்படை. மருந்து இருந்தவரை நோய் அடங்கியிருந்தது, கொசு அங்கேயே இருந்தது. அதற்குள் பிறந்து வளர்ந்த குழந்தைகளுக்கோ, அடிக்கடி நோய்ப்பட்டு வரும் அரைகுறை எதிர்ப்புச் சக்தியும் கிடையாது. மூன்றாண்டு கழித்து 2017இல் ஒரே ஒரு சுற்று அடித்தார்கள். நோய் சில மாதம் தணிந்து மறுபடி ஏறியது. தெளிப்பை விடாமல் தொடர்ந்த வேறு மாவட்டங்களிலோ நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில் நோய் பெருமளவு குறைந்திருந்தது. சுவர்மருந்தைத் தொடங்குவதென்றால், நிறுத்துவதற்கான திட்டமும் கையில் இருந்தாக வேண்டும்.

இலங்கை இதே பாடத்தை முன்பே படித்தது. டிடிடி தெளிப்பால் 1963இல் அங்கே பதிவான நோயாளிகள் 17 பேர்தான். தெளிப்பைத் தளர்த்தினார்கள். 1968–69இல் ஐந்து லட்சம் பேருக்கு மேல் நோய் வந்தது. பிறகு பல பத்தாண்டுகள் உழைத்து, ஒவ்வொரு காய்ச்சல்காரரையும் தேடிப்பிடித்துச் சோதித்து, 2012 அக்டோபருக்குப் பின் உள்ளூர்த் தொற்றே இல்லாத நிலையை எட்டி, 2016இல் மலேரியா ஒழிந்த நாடு என்ற சான்றைப் பெற்றது.

சுவரை நம்பும் கணக்கைக் குலைக்கும் இன்னொரு வரவு நம் பக்கத்துக் கொசு. சென்னையின் கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் முட்டையிட்டு நகர மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி, 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் கண்டறியப்பட்டது. அந்த ஆண்டு நோயை ஏறக்குறைய ஒழித்திருந்த ஜிபூட்டியில் 2020இல் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். பிறகு எத்தியோப்பியாவிலும் அது பரவியது, மன்னாரிலும் கண்டறியப்பட்டது. ஆப்பிரிக்கக் கொசு பெரும்பாலும் மழைக் குட்டையில் வளர்வது, ஊர்ப்புறத்தில் கடிப்பது. இதுவோ வறட்சியிலும் குடிநீர்த் தொட்டியில் வளர்ந்து நகரத்தில் கடிக்கிறது. எப்போதும் படுக்கையறைச் சுவரில்தான் உட்காரும் என்றும் இல்லை. இதற்கு வலையும் சுவர்மருந்தும் மட்டும் போதா. தொட்டிக்கு மூடி போடுவதும், வீடு வீடாகத் தொட்டியைப் பார்த்துப் புழுவுக்கு மருந்திடுவதும்தான் வழி. சென்னைக்காரர்களுக்கு இது பழகிய வேலை.

பரிசோதனை அட்டை

துரிதப் பரிசோதனை வருவதற்கு முன்பு ஆப்பிரிக்கக் கிராமங்களில் காய்ச்சல் என்றாலே மலேரியா மருந்துதான். நுண்ணோக்கி இருந்த இடம் குறைவு, அதைப் பார்க்கத் தெரிந்தவர் அதனினும் குறைவு. மலேரியா இல்லாதவருக்கு மருந்து வீணானது. நிமோனியாவோடு வந்த குழந்தைக்குத் தேவையான மருந்து கிடைக்காமலும் போனது.

அட்டையில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். விரல்நுனியில் குத்தி, ஐந்து மைக்ரோலிட்டர் இரத்தத்தை, அதாவது ஒரு சிறு துளியை, அட்டையின் குழியில் இட்டு, கரைசல் சொட்டுகளைச் சேர்த்து, அட்டையில் சொல்லியிருக்கும் பதினைந்து அல்லது இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். ‘சி’ கோடு வந்தால் அட்டை சரி. அதோடு ‘டி’ கோடும், மங்கலாகவாவது, வந்தால் மலேரியா. ‘சி’ கோடே வராவிட்டால் அந்த அட்டையைத் தூக்கிப் போட்டு வேறெடுக்க வேண்டும். அவசரப்பட்டு ஐந்து நிமிடத்தில் படிப்பதும், மறந்துபோய் மறுநாள் படிப்பதும்தான் வழக்கமான பிழைகள்.

பால்சிபாரம் வகைக் கிருமிக்கான அட்டைகளில் பெரும்பாலானவை தேடுவது எச்ஆர்பி2 என்ற புரதத்தை. கிருமி அதை ஏராளமாகச் சுரப்பதால் அட்டைக்கு உணர்திறன் அதிகம். இதில் ஒரு குறை பழையது: கிருமி செத்தபின்னும் புரதம் சில வாரம் இரத்தத்தில் சுற்றும். போன வாரம் மலேரியாவுக்கு மாத்திரை முடித்த குழந்தைக்கு இன்று சளிக்காய்ச்சல் வந்தால் அட்டை மறுபடி மலேரியா என்றே சொல்லும். ஆண்டுக்குப் பலமுறை மலேரியா வரும் வடக்கு உகாண்டா போன்ற இடத்தில் இது சிறு பிழையல்ல.

புதிய குறை இன்னும் கடுமையானது. அந்தப் புரதத்துக்கான மரபணுவே இல்லாத கிருமிகள் உண்டு. பெரு நாட்டின் அமேசான் பகுதியில் 2010இல் இது தெளிவானது. புரதம் இல்லாமலும் கிருமி பிழைத்துக்கொள்கிறது. அட்டையில் கோடு வராது. கோடு வராதவருக்கு மாத்திரை கொடுப்பதில்லை. மாத்திரை கிடைக்காதவர் உடம்பிலுள்ள கிருமி கொசுவுக்குப் போய்க்கொண்டே இருக்கும். சோதித்தபின்தான் மருந்து என்ற நல்ல விதியே, மரபணு இல்லாத கிருமிக்குச் சலுகையாகிவிடுகிறது. எரித்திரியாவில் 2016 வாக்கில், நுண்ணோக்கியில் கிருமி தெரிந்தும் அட்டையில் கோடு வராத நோயாளிகள் சில மருத்துவமனைகளில் பெரும்பான்மையாகவே இருந்தார்கள். அந்நாடு அட்டையை மாற்றியது.

மரபணு இல்லாத கிருமிக்கு அடையாளம், சோதனை ‘இல்லை’ என்று சொல்லியும் காய்ச்சல் தீராதவர்கள் ஓரிடத்தில் சேர்வது. உறுதிப்படுத்த, அட்டைச் சோதனையோடு இரத்தப் பூச்சையும் நுண்ணோக்கியில் பார்த்து, முரண்படும் மாதிரிகளின் மரபணுவைச் சோதிக்க வேண்டும். இப்படித் தவறும் நோயாளிகள் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டினால் எல்டிஎச் என்ற நொதியைத் தேடும் வேறு அட்டைக்கு மாற வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அந்த நொதி இல்லாமல் கிருமியால் வாழ முடியாது. ஆனால் அந்த அட்டைகளின் உணர்திறன் பொதுவாகக் குறைவு. குறைந்த கிருமியோடு வருபவர் சிலர் தப்பிவிடுவார்கள்.

மாத்திரை

1972இல் சீனாவில் தூ யூயூவின் குழு ஆர்ட்டிமிசியா செடியிலிருந்து, சூடாக்காமல் ஈதரில் பிரித்தெடுத்த பொருள்தான் ஆர்ட்டிமிசினின். இன்று ஆப்பிரிக்காவில் அதிகம் வழங்கப்படுவது அதன் வழிவந்த ஆர்ட்டிமீதரும் லூமிபான்ட்ரினும் சேர்ந்த மாத்திரை. பெரியவருக்கு வேளைக்கு நான்கு மாத்திரை. முதல் வேளைக்குப் பின் எட்டு மணி நேரத்தில் இரண்டாவது வேளை, பிறகு காலை மாலை என்று மூன்று நாளில் ஆறு வேளை. லூமிபான்ட்ரின் கொழுப்போடுதான் உடம்பில் ஏறும் என்பதால் பாலோ உணவோ கூட வேண்டும். மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்க வேண்டும். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிடுவதால் மீதி மாத்திரையை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைத்துவிடுவது வீடுகளில் சகஜம்.

ஏன் இரண்டு மருந்து? கடுமையாக நோயுற்ற ஒருவர் உடம்பில் லட்சம் கோடிக் கிருமி இருக்கலாம். கிருமியின் ஒரு சுற்று 48 மணி நேரம். ஆர்ட்டிமிசினின் வகை ஒரு சுற்றில் கிருமியைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காக்கும். இரண்டு சுற்றில் லட்சம் கோடி பத்தாயிரமாகிவிடும். ஆனால் அது சில மணி நேரத்தில் உடம்பைவிட்டுப் போய்விடும். மிச்சமிருக்கும் பத்தாயிரத்தைப் பல நாள் தங்கும் லூமிபான்ட்ரின் முடித்து வைக்கும். ஒன்று வேகம், மற்றது நீடிப்பு. சிறு கூட்டத்தை மட்டும் சந்திப்பதால் லூமிபான்ட்ரினுக்கு எதிர்ப்புள்ள கிருமி அதில் இருக்கும் வாய்ப்பும் சிறிது.

இந்தக் கணக்கை உடைப்பது கே13 என்ற புரதத்தில் வரும் மாற்றம். இரத்தச் சிவப்பணுவுக்குள் நுழைந்த கிருமி முதலில் மோதிர வடிவில் இருக்கும். அந்த நிலையிலேயே ஹீமோகுளோபினைத் தின்னத் தொடங்கும். அப்போது வெளிப்படும் இரும்புதான் ஆர்ட்டிமிசினினைத் தூண்டி நஞ்சாக்குகிறது. கே13 மாறிய கிருமி மோதிரப் பருவத்தில் குறைவாகத் தின்கிறது. நஞ்சு பிறப்பதும் குறைகிறது. மருந்து உடம்பிலிருக்கும் சில மணி நேரம் பட்டினி கிடந்து, அது போனபின் எழுந்துவிடுகிறது. மோதிரப் பருவத்தில் மட்டுமே தப்புவதால் இதைப் பகுதி எதிர்ப்பு என்பார்கள். ஒரு சுற்றில் நூறில் ஒரு பங்காக மட்டுமே குறைந்தால், மூன்று நாள் முடிவில் லூமிபான்ட்ரினுக்கு விடப்படுவது பத்தாயிரமல்ல, பத்துக் கோடி. நோயாளி இன்னும் குணமாவார், லூமிபான்ட்ரின் வலுவோடு இருக்கும்வரை. அதற்கும் எதிர்ப்பு வந்துவிட்டால் கூட்டு மருந்து தோற்கும்.

கம்போடியாவில் நடந்தது அதுதான். தாய்லாந்து எல்லையை ஒட்டிய பைலினில் ஆர்ட்டிமிசினினுக்குக் கிருமி மெதுவாக மசிவது 2009இல் பதிவானது. கே13 அடையாளம் 2014இல் தெரிந்தது. அதற்குள் கூட்டாளி மருந்தான பிப்பெராகுயினுக்கும் எதிர்ப்பு சேர, அந்தக் கூட்டே கம்போடியாவில் தோற்றது. 1950களின் கடைசியில் குளோரோகுயின் எதிர்ப்பு தோன்றியதும் இதே எல்லைப் பகுதியில்தான். அது 1978இல் கிழக்கு ஆப்பிரிக்காவை எட்டி, பின்னர் குழந்தைச் சாவுகளைப் பெருக்கியது. இந்தியாவும் கூட்டாளி மருந்து தோற்றதால்தான் வடகிழக்கு மாநிலங்களில் 2013இல் பழைய கூட்டை விட்டு லூமிபான்ட்ரின் கூட்டுக்கு மாறியது.

மறுபடியும் ஆசியாவிலிருந்து எதிர்ப்பு இறக்குமதியாகும் என்று ஆப்பிரிக்கா எல்லையைப் பார்த்திருந்தது. வந்ததோ உள்ளூரில் பிறந்தது. ருவாண்டாவில் ஒரு கே13 மாற்றம் அங்கேயே தோன்றியதை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. அடுத்தது வடக்கு உகாண்டா.

குலுவில் எண்ணியது

2017 முதல் 2019 வரை வடக்கு உகாண்டாவின் குலுவில் 240 நோயாளிகளுக்கு ஊசி வழியாக ஆர்ட்டிசுனேட் மட்டும் கொடுத்து, குறுகிய இடைவெளிகளில் இரத்தம் எடுத்துக் கிருமியை எண்ணினார்கள். கிருமி பாதியாகக் குறைய எவ்வளவு நேரம் என்பதே அளவுகோல். சாதாக் கிருமிக்கு 1.78 மணி நேரம். கே13இன் 469ஆவது இடம் மாறியதற்கு 3.30, 675ஆவது இடம் மாறியதற்கு 3.95 மணி நேரம். ஐந்து மணி நேரத்தைத் தாண்டியவர்கள் 14 பேர். அவர்களில் 13 பேரின் கிருமியில் இந்த இரண்டில் ஒரு மாற்றம் இருந்தது. வடக்கு உகாண்டாவில் இந்த மாற்றங்களின் பங்கு 2015இல் 3.9 விழுக்காடு, 2019இல் 19.8.

இங்கே கவனிக்க வேண்டியது, மருத்துவமனையில் இருந்து பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது என்பது. நோயாளிகள் குணமாகிக்கொண்டுதான் இருந்தார்கள். அடிக்கடி நோய்ப்படும் ஊரில் பெரியவர்களுக்கு உள்ள அரைகுறை எதிர்ப்புச் சக்தி மருந்தின் தளர்ச்சியை மூடிவிடும். அது வெளிப்படும் இடம் சிறு குழந்தைகள். வெளிப்படும்போது காலம் கடந்திருக்கும்.

மாத்திரை முழுதாகத் தோற்றதா என்று பார்க்க வேறொரு முறை உண்டு. நோயாளிக்கு ஊழியர் கண்முன் ஆறு வேளையும் கொடுத்து, 28 நாள் வரை குறிப்பிட்ட நாட்களில் இரத்தம் பார்ப்பார்கள். மூன்றாம் நாளும் கிருமி தெரிந்தால் அது முதல் எச்சரிக்கை. பிறகு மறைந்து, 21ஆம் நாளோ 28ஆம் நாளோ மீண்டும் தெரிந்தால் சிக்கல் தொடங்கும். பழைய கிருமி தப்பித்து வந்ததா, இடையில் வேறு கொசு கடித்துப் புதிதாக வந்ததா? மாதத்துக்குப் பல கடி படும் ஊரில் இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. முதல் நாள் கிருமியையும் பிந்திய கிருமியையும் மரபணுவில் ஒப்பிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஒருவர் உடம்பில் ஒரே நேரத்தில் மூன்று நான்கு வகைக் கிருமி இருப்பது அங்கே சாதாரணம் என்பதால், ஒப்பிடும் முறை மாறினால் தோல்வி விழுக்காடும் மாறும். உண்மைத் தோல்வி நூற்றுக்குப் பத்தைத் தாண்டினால் மருந்தை மாற்ற வேண்டும் என்பது விதி. ஓர் ஆய்வில் ஒன்பதும் வேறு முறையில் பன்னிரண்டும் வந்தால் அரசு என்ன செய்யும்? ஆப்பிரிக்காவில் இன்று நடக்கும் சண்டையில் பாதி இதுதான்.

செய்யக்கூடியவை

முதலாவது, ஒரே மருந்தை நம்பாமல் இருப்பது. ஒரே நாட்டில் இரண்டு மூன்று கூட்டு மருந்துகளை வட்டாரம் பிரித்தோ, காலம் பிரித்தோ வழங்கலாம். லூமிபான்ட்ரினை எப்போதும் சந்திக்காத கிருமிக்கு அதை எதிர்க்கப் பழக வாய்ப்புக் குறையும். கொள்முதல், மாத்திரை அளவு, ஊழியர் பயிற்சி என்று எல்லாம் இரட்டிப்பாவதால் செலவு கூடும். ஆர்ட்டிமிசினினோடு இரண்டு கூட்டாளிகளைச் சேர்த்த மும்மருந்தும், ஆர்ட்டிமிசினினே இல்லாத கனபிளாசைடு–லூமிபான்ட்ரின் கூட்டும் ஆய்விலிருந்து பயன்பாட்டை நோக்கி நகர்கின்றன. இரண்டாவதிலும் லூமிபான்ட்ரின்தான் கூட்டாளி என்பதால், இன்று லூமிபான்ட்ரினைக் காப்பது நாளைய மருந்தையும் காப்பதாகும்.

இரண்டாவது, தப்பிய கிருமி கொசுவுக்குப் போகாமல் தடுப்பது. கூட்டு மருந்தோடு ஒரே ஒரு வேளை, எடைக்குக் கிலோவுக்கு 0.25 மில்லிகிராம் பிரிமாகுயின் கொடுத்தால், கொசுவுக்குள் வளரக்கூடிய கிருமி வடிவம் அழியும். நோயாளிக்கு அதனால் நேரடிப் பலனில்லை, ஊருக்குத்தான் பலன். அதனாலேயே கொடுக்க மறந்துபோகிறார்கள்.

மூன்றாவது, கொசுவைக் குறைப்பதும் மருந்தைக் காப்பதுதான். மருந்து உட்கொள்ளும் ஒவ்வொருவரும் எதிர்ப்புக் கிருமிக்கு ஒரு வாய்ப்பு. நோயாளிகள் குறைந்தால் வாய்ப்பும் குறையும். கம்போடியா உள்ளிட்ட மீகாங் நாடுகளில் மருந்து எதிர்ப்பு இவ்வளவு பரவியும் பால்சிபாரம் நோய் பெரிதும் சரிந்ததற்கு, ஒவ்வோர் ஊரிலும் ஆள் வைத்துச் சோதித்து, மருந்தை நேரத்தில் மாற்றி, நோயாளி எண்ணிக்கையையே இறக்கியதுதான் காரணம். ஆனால் அங்கே கொசுக்கடி குறைவு. நோய் காட்டிலும் எல்லையிலும் ஒதுங்கியிருந்தது. இரவுக்கு நான்கு கடி விழுந்த ஊர்களுக்கு அதே முறை அப்படியே பொருந்தாது. அங்கே வலையும் சுவர்மருந்தும் முதலில் கடியைக் குறைத்தாக வேண்டும்.

2023இல் உலகில் மலேரியாவால் இறந்தோர் 5,97,000 பேர். பெரும்பான்மையோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். 2025இல் அமெரிக்க உதவி வெட்டப்பட்டபோது வலைக்கும் மாத்திரைக்கும் மாற்றுப் பணம் தேட எல்லாரும் ஓடினார்கள். குழாயில் கொசுவை எண்ணுவதும், சுவரில் கூம்பை ஒட்டுவதும், 28 நாள் இரத்தம் பார்ப்பதும் அவ்வளவு எளிதில் பணம் கேட்டு நிற்க முடியாத வேலைகள். வடக்கு உகாண்டாவில் சுவர்மருந்து நின்றபோது நோய் திரும்பியதைச் சில மாதத்தில் சொன்னது சுகாதார நிலையங்களின் பதிவேடு. கே13 மாற்றம் ஐந்தில் ஒருவரை எட்டியதைச் சொன்னது சேர்த்துவைத்த இரத்த மாதிரி. இரண்டும் இல்லாதிருந்தால், வழங்கிய வலைகளின் எண்ணிக்கையை வைத்து அந்த மாவட்டங்கள் நன்றாக இருப்பதாகவே அறிக்கை எழுதியிருப்பார்கள். பற்றாக்குறைக் காலத்தில் எதை முதலில் வெட்டுவது என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்: அளப்பதை வெட்டினால், நான்கு கருவிகளுக்கும் செலவழிக்கும் பணம் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளும் வழியே போய்விடும்.